நாற்பதாவது கலியாண நாளுக்கு மூன்று வெளிச்ச வீடுகள்

கேள்வி: எங்களுக்கு 1987 தை மாதம் கலியாணம். அந்த நேரத்து நிலைமையில் எங்கும் போகவில்லை. வரும் தையில் நாற்பது வருடம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள், ‘மூன்று நாலு நாள் எங்கேயாவது போங்கோ, சும்மா சுற்றாமல் ஒரு தீம் வைத்துப் போங்கோ’ என்கிறார்கள். அவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வயது 68. கப்பலும் வெளிச்ச வீடும் என்றால் உயிர். எனக்குக் கோயிலும் பழைய கதைகளும்தான் விருப்பம். அவருக்கு முழங்கால் நோ, எனக்குச் சீனி வருத்தம். இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பயணம் அமையுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்:

அமையும், டீச்சர். ஆனால் காலையில் அவருக்கு வெளிச்ச வீடு, மாலையில் உங்களுக்குக் கோயில் என்று பங்கு பிரிக்க வேண்டாம். அறுபது கடந்த தம்பதிகளுக்கு நான் ஒழுங்கு செய்து கொடுக்கும் பயணங்களில் இந்தப் பங்கு பிரிப்புத்தான் முதலில் சலிக்கிறது. ஒருவர் பார்த்து முடிக்கும்வரை மற்றவர் வாகனத்துக்குள் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் இரண்டு பேரின் விருப்பமும் தாமாகவே சந்திக்கிற ஓர் இடம் தெற்கே இருக்கிறது. அதை நடுவில் வைத்து மற்றதை அமைப்போம்.

அந்த இடம் தெவிநுவர. மாத்தறையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், இலங்கையின் தென்கோடி முனை. நாம் தேவேந்திரமுனை என்கிறோமே, அதுதான். அங்கே நிற்கும் வெளிச்ச வீடு 49 மீற்றர் உயரம், இந்த நாட்டிலேயே உயரமானது. 1890இல் கட்டி முடித்தார்கள். ஐயாவுக்கு இது போதும். உங்களுக்கு உரியது அதற்கும் பழையது. அதே ஊரில்தான் தென்னாவரம் கோயில் இருந்தது. பஞ்ச ஈச்சரங்களில் தெற்கே உள்ள தொண்டேஸ்வரம் என்று சொல்வது இதைத்தான். 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். இடிப்பதற்கு முன் செம்புத் தகடு வேய்ந்த அதன் கூரை கடலில் வருகிறவர்களுக்கு வெகுதூரத்திலேயே தெரிந்ததாகக் குறிப்புகள் உண்டு. வெளிச்ச வீடு வருவதற்கு 300 வருடங்களுக்கு முன்பே கப்பல்காரர் அந்த முனையைக் கோயிலைக் கொண்டு அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஐயாவின் கப்பலும் உங்கள் கோயிலும் ஒரே கதைதான்.

இந்தக் கதையின் முதல் பக்கம் உங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிறது. கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409 என்று திகதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தென்னாவரம் கோயிலின் இறைவனான தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் இதைக் கண்டெடுத்தபோது, இது வடிகால் மூடியாகக் கிடந்தது. எழுத்துகள் தேய்ந்துவிட்டன. நின்று வாசிக்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தமிழ்ப் பகுதியின் அச்சிட்ட வாசகத்தைத் தேடிக் கையில் எடுத்துப் போனால், எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களே ஐயாவுக்குக் காட்டலாம்.

ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு கொழும்பிலேயே ஒரு காலைப் பொழுதை இதற்கு வையுங்கள். நூதனசாலை முடித்துக் கோட்டைக்குப் போங்கள். சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு காலத்தில் கொழும்பின் வெளிச்ச வீடாகவும் இருந்தது ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். அதை வரைந்தவர் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் என்பது தெரிந்திருக்குமோ என்னவோ. 1857இல் கட்டியது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சம் மறையத் தொடங்கியதால், 1952இல் கடலோரத்தில் இப்போதுள்ள வெளிச்ச வீட்டைக் கட்டி இதன் விளக்கை அணைத்தார்கள்.

இந்தக் காலைப் பொழுதுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ரயிலில் இருக்கைப் பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பு திறக்கும். கோட்டை நிலையத்திலேயே நேரில் பதிவு செய்துகொண்டு, அப்படியே அங்குள்ள மேம்பாலப் படிகளில் ஐயாவை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கினால் பரவாயில்லை. இறங்கும்போது கைப்பிடியை விட முடியாமல் பக்கவாட்டாக இறங்கினாரென்றால் ரயிலை விட்டுவிடுங்கள். பெட்டியின் படியும் உயரம், இறங்கும் இடத்தில் மேடை தாழ்வாக இருந்தால் அந்தக் காலுக்கு அது பெரிய தண்டனை. அப்படியானால் போகவும் வரவும் கார்தான். இதைப் போகிற நாளன்று மேடையில் நின்று கண்டுபிடிக்கக் கூடாது.

படி ஏறலாம் என்றால், போகும்போது மட்டும் ரயில், திரும்பும்போது கார். தெற்கே போகும் காலை ரயிலில் கடல் வலது பக்கம். சூரியன் இடது பக்கம் இருப்பதால், கடலைப் பார்க்கும் ஜன்னலோரம் நிழலாக இருக்கும். பின்னேரம் திரும்பினால் அதே கடல் பக்கம் முழு வெயில். சீனி வருத்தக்காரருக்கு அந்த மூன்று மணி நேரப் புழுக்கம் நல்லதில்லை. வெள்ளவத்தையில் ஏறாமல் கோட்டைக்கே போய் ஏறுங்கள். விரைவு ரயில்கள் எல்லாம் வெள்ளவத்தையில் நிற்பதில்லை, நின்றாலும் பெட்டியைத் தேடி ஓட வேண்டி வரும்.

நாளைத் தெரிவு செய்வதில்தான் இந்தப் பயணம் மற்றப் பயணங்களிலிருந்து வேறுபடுகிறது. வெளிச்ச வீட்டைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பகலில் அது ஒரு வெள்ளைத் தூண், படம் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இருட்டிய பிறகுதான் அது வேலை செய்கிறது. ஆகவே இருட்டை வைத்து நாளைக் குறியுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நிலவு வெளிச்சத்தில் ஒளிக்கற்றை மங்கலாகத் தெரியும். அதோடு போயா விடுமுறைக் கூட்டம் ரயிலிலும் தெற்குக் கரையிலும் நிறையும். அமாவாசைக்குப் பின்வரும் சில நாள்கள்தான் நல்லவை. பிறை சீக்கிரமே மறைந்துவிடும். தை அமாவாசையன்று ஐயாவுக்குப் பிதிர்க்கடன் இருந்தால் அதை வீட்டில் முடித்துவிட்டு, அடுத்து வரும் திங்கள் அல்லது செவ்வாய் புறப்படுங்கள். பெப்ரவரி 4 சுதந்திர தினத்தை ஒட்டிய வார இறுதியைத் தொடவே வேண்டாம். கலியாண நாள் இதற்கு நாலைந்து நாள் முன்பின்னாக விழுந்தாலும் அன்று வீட்டில் பாயாசம் வைத்துக் கொண்டாடுங்கள், பயணம் நல்ல இருட்டில் போகட்டும். பருவமும் உங்கள் பக்கம்தான். தையில் தெற்குக் கடல் அடங்கியிருக்கும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் என்றால் இந்தத் திட்டத்தையே நான் தந்திருக்க மாட்டேன், தென்மேல் பருவக்காற்றில் அந்தக் கரை கொந்தளிக்கும்.

இனி நாள்வாரியாகச் சொல்கிறேன். மூன்று இரவு, மூன்று வெளிச்ச வீடு. காலியில் இரண்டு இரவு, திரும்பும் வழியில் பேருவளையில் ஓர் இரவு.

காலியில் அறையைக் கோட்டைச் சுவருக்கு உள்ளே எடுங்கள். வெளியே கடற்கரையில் எடுத்தால் இன்னும் வசதியான அறை கிடைக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் இராத்திரி வெளிச்ச வீட்டுக்கு நடந்து போக முடிவது உள்ளே தங்கினால்தான். கோட்டைக்குள் தெருக்கள் சமதரை, முழங்காலுக்குத் தொந்தரவில்லை. தொந்தரவு வீட்டுக்குள்தான் இருக்கிறது. அங்குள்ள விடுதிகள் பல பழைய ஒல்லாந்தர் காலத்து வீடுகள். நல்ல அறைகளை மாடியில் வைத்திருப்பார்கள், ஏறும் மரப்படி செங்குத்தாக இருக்கும். பதிவு செய்வதற்கு முன் போனில் மூன்று விஷயம் கேளுங்கள்: அறை கீழ்த்தளத்தில் இருக்கிறதா, குளியலறைக்குள் நுழைய எத்தனை படி, குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஏதும் உண்டா. ‘ஆம், எல்லாம் வசதி’ என்று பொதுவாகச் சொன்னால் படம் அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்து எழும்புங்கள். வேறு ஒன்றும் வைக்க வேண்டாம். ஐந்து மணிக்கு வெளியே வாருங்கள். காலி வெளிச்ச வீடு கோட்டையின் தென்கிழக்கு மூலையில் சுவர்மேல் நிற்கிறது. 1848இல் கட்டிய முதல் வெளிச்ச வீடு தீயில் அழிந்தது. இப்போதுள்ளது 1939ஆம் ஆண்டுக்குரியது, 26 மீற்றரை விடக் கொஞ்சம் உயரம். அதற்கு எதிரே தேவாலயம் போலத் தோன்றும் வெள்ளைக் கட்டடம் மீரான் பள்ளிவாசல். சூரியன் இறங்குவதை மேற்குச் சுவரில் பார்த்துவிட்டு, சனம் கலைந்து போகும்போது நீங்கள் வெளிச்ச வீட்டுப் பக்கம் திரும்பி வாருங்கள். சுவர்மேல் பாதை மேடுபள்ளம், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. இருட்டில் மேலே ஏற வேண்டாம், கீழே தெருவில் நின்று பார்த்தால் போதும். கைவிளக்கு ஒன்று கட்டாயம் கொண்டு போங்கள், போன் வெளிச்சம் காணாது.

அங்கே ஐயாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு வெளிச்ச வீட்டுக்கும் தனித் தாளம் உண்டு, ஒன்று மின்னுகிற மாதிரி மற்றது மின்னாது. கடலில் இருப்பவன் எந்த முனைக்கு முன் நிற்கிறான் என்று அறிந்துகொள்வது அதை வைத்துத்தான். எத்தனை மின்னல், பிறகு எத்தனை செக்கன் இருட்டு என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்கை நான் இங்கே சொல்லப் போவதில்லை, அவராகக் கண்டுபிடிப்பதில்தான் சுகம் இருக்கிறது. அடுத்த இரண்டு இரவும் இதையே செய்தால் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் நடுநாள். காலை முழுவதும் ஓய்வு, பகல் சாப்பாடு நேரத்தோடு. இரண்டரை மணிக்கு வாடகைக் காரில் கரையோர வீதியால் தெவிநுவரவுக்குப் புறப்படுங்கள். ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான், ஆனால் ஊர்களுக்கு நடுவே போகும் வீதி என்பதால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணியளவில் விஷ்ணு தேவாலயத்தில் இருப்பீர்கள். தென்னாவரம் இருந்த ஊரில் இன்று வழிபாடு நடப்பது அங்கேதான். நாலு மணிக்கு வைத்ததற்குக் காரணம் உங்கள் கால்தான், டீச்சர். கோயில் வளவில் செருப்பைக் கழற்ற வேண்டும். பகலில் கல்லும் மணலும் கொதிக்கும். சீனி வருத்தத்தில் பாதம் மரத்திருந்தால் சுடுவது தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும். நாலு மணிக்கும் தடித்த பருத்திக் காலுறையோடு நடங்கள், அறைக்குத் திரும்பியதும் உள்ளங்காலை ஐயா ஒருமுறை பார்த்துவிடட்டும்.

கோயிலிலிருந்து வெளிச்ச வீட்டுக்குச் சின்னத் தூரம்தான், காரிலேயே போகலாம். ஐந்தரைக்கு அங்கே இருந்தால் போதும். உள்ளே ஏற அனுமதி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிடைத்தாலும் அந்த முழங்காலோடு ஏற வேண்டாம், ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. பெப்ரவரியில் ஆறேகாலுக்குப் பிறகு சூரியன் மறையும். விளக்கு எரிந்த பிறகு ஓர் அரை மணி நேரமாவது நில்லுங்கள். கொப்பி, கைக்கடிகாரம், மடக்குக் கதிரை இரண்டு. கதிரையைக் காரில் போட்டுக்கொண்டு போகச் சொல்வதற்குக் காரணம், அங்கே முதுகு சாய உட்கார இடம் தேட வேண்டியிருக்கும்.

திரும்பும்போது கரையோர வீதி வேண்டாம். இருட்டில் அந்த வீதியில் பஸ்களும் ஓட்டோக்களும் சைக்கிள்களும் நெருக்கும். மாத்தறையில் அதிவேக வீதியில் ஏறிக் காலியில் இறங்கச் சொல்லுங்கள். சாரதியிடம் இதைக் காலையிலேயே பேசி, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாக முடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மணிக்கே ‘போவமா’ என்று அவசரப்படுத்துவார், விளக்கு எரிவதற்கு முன்பே காரில் ஏறிவிடுவீர்கள். இந்தப் பயணம் கெட்டுப்போவதானால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இராச் சாப்பாடு எட்டரைக்குத்தான் கிடைக்கும் என்பதால், உங்கள் மாத்திரையோ ஊசியோ சாப்பாட்டு நேரத்தோடு எப்படிப் பொருந்த வேண்டும் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆறு மணிக்குச் சாப்பிட அவித்த கடலையோ சுண்டலோ கையில் இருக்கட்டும், சீனி இறங்கினால் வாயில் போட இனிப்பும் தனியாக இருக்கட்டும். அவசரமென்றால் காலியில் கராப்பிட்டிய அரச வைத்தியசாலை இருக்கிறது.

மூன்றாம் நாள் பத்து மணிக்குப் புறப்பட்டு, காரில் பேருவளை. இங்கேயுள்ள வெளிச்ச வீடு கரையில் இல்லை, பாபரின் தீவில் தென்னைகளுக்கு நடுவே நிற்கிறது. 34 மீற்றர், தேவேந்திரமுனை வெளிச்ச வீடு கட்டிய அதே காலத்தில் எழுந்தது. கடல் அடங்கியிருந்தால் படகுக்காரர் கூட்டிப் போகிறோம் என்பார்கள். வேண்டாம். படகிலிருந்து தண்ணீரில் கால் வைத்து இறங்கி ஏற வேண்டியிருக்கும். மொரகல்லைப் பக்கம் கடலைப் பார்த்த அறை ஒன்று எடுங்கள். பதிவு செய்யும்போது ‘கடல் தெரியும் அறை’ என்று மட்டும் கேட்காமல், ‘தீவின் வெளிச்ச வீடு எங்கிருந்து தெரியும்’ என்று கேளுங்கள். அறையிலிருந்து தெரிந்தால் மிக நல்லது, தோட்டத்திலிருந்து தெரிந்தாலும் போதும். அன்றைக்கு ஐயா எங்கும் நடக்கத் தேவையில்லை, கதிரையில் இருந்தபடியே மூன்றாவது தாளத்தைக் கணக்கெடுக்கலாம். நாலாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டால் பகல் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை.

பிள்ளைகள் இந்தத் திட்டத்தைப் பார்த்தவுடன் நடுவில் எதையாவது செருகப் பார்ப்பார்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போங்கோ, பெந்தோட்டையில் ஆற்றுப் படகு போங்கோ என்பார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் திமிங்கிலப் படகு விடியற்காலையில் புறப்படும். அதற்கு எழும்பினால் அன்று இரவு வெளிச்ச வீட்டுக்கு முன் நிற்க உடம்பில் தெம்பு இருக்காது. இந்தப் பயணத்தில் பொழுது ஐந்து மணிக்குத்தான் தொடங்குகிறது, காலைகள் எல்லாம் அதற்கான ஓய்வு. அதைத் தொட விடாதீர்கள். அவர்கள் பணம் போட விரும்பினால் மூன்று இடத்தில் போடட்டும்: காலியில் கீழ்த்தள அறை, தெவிநுவரவில் அவசரப்படுத்தாமல் காத்திருக்கும் சாரதி, மொரகல்லையில் தீவைப் பார்த்த அறை. மூன்றிலும் கூடக் கொடுக்கும் காசுக்கு உங்கள் காலும் கண்ணும் உடனே பலன் காணும்.

முதலில் பதிவு செய்ய வேண்டியது காலி அறை. கோட்டைக்குள் கீழ்த்தள அறைகள் குறைவு, தை மாசி வெளிநாட்டவர் வரும் காலமும்கூட. இரண்டு மூன்று மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். அடுத்தது மொரகல்லை அறை, பிறகு ரயில். கார் சாரதியை ஒரு வாரம் முன்பு பேசினால் போதும். ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், தெனாவரை நாயனார் கதையை மட்டும் நூதனசாலைக்குப் போகும்வரை சொல்லாமல் வைத்திருங்கள்.